உஷார்! குறைந்த வலி திரும்பி வந்தால் தையலுக்குள் சீழ்

தையல் போட்ட அன்று ராத்திரி வலிக்கத்தான் செய்யும். மரத்துப்போவதற்குப் போட்ட ஊசியின் வேகம் இறங்கியதும் விண்விண் என்று தெறிக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். மறுநாள் கொஞ்சம் குறையும், அதற்கு மறுநாள் இன்னும் குறையும். அப்படிக் குறைந்து வந்த வலி மூன்றாம் நாளோ நாலாம் நாளோ திரும்ப ஏறுகிறது என்றால் உடனே உஷாராகுங்கள். உள்ளே சீழ் கோர்க்க ஆரம்பித்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வெளியே தெரிவதற்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்னாலேயே வலி வந்து சொல்லிவிடும்.

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் டிரஸ்ஸிங் ரூம் நர்ஸ். எங்களிடம் வருகிற கெட்டுப்போன தையல்களில் பெரும்பாலானவை கேஷுவாலிட்டியில் நன்றாகக் கழுவி, ஒழுங்காகப் போட்டு அனுப்பியவைதான். கெட்டது வீட்டில். அதற்கு வீட்டில் இருப்பவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் கொடுத்தனுப்பும் சீட்டைப் பாருங்கள்: ‘டி.டி. போடப்பட்டது. டிரை டிரஸ்ஸிங். 3ம் நாள் ரிவ்யூ. 12ம் நாள் எஸ்.ஆர்.’ இவ்வளவுதான். எஸ்.ஆர். என்றால் தையல் பிரிப்பது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? டிரை டிரஸ்ஸிங் என்றால் ஈரம் படாத கட்டு. அந்தக் கட்டு ஈரமாகிவிட்டால் என்ன செய்வது என்று அந்தச் சீட்டில் ஒரு வரி கிடையாது. விபரீதம் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஐம்பதை நெருங்கும் வயது, மளிகைக் கடை வைத்திருக்கிறார், ஏழெட்டு வருஷமாகச் சர்க்கரை. ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு வரும்போது மணலில் வண்டி சறுக்கி, முழங்காலுக்குக் கீழே முன்னங்காலில் ஃபுட்ரெஸ்ட் கிழித்துவிட்டது. மண்ணெல்லாம் போகக் கழுவி ஏழு தையல் போட்டு, ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் ரிவ்யூவுக்கு வந்திருக்க வேண்டியவர், அன்றைக்குச் சரக்கு வருகிறது என்று வரவில்லை. வந்தது ஆறாம் நாள், மனைவி கையைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி. நடுவில் நடந்ததைக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

இரண்டாம் நாள் காலில் கேரி பேக்கைச் சுற்றி, மேலே ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுக் குளித்திருக்கிறார். தண்ணீர் மேல் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிட்டது. கட்டு நனைந்தது அவருக்கும் தெரியும். “ரிவ்யூவுக்குப் போறப்ப அவங்களே பிரிப்பாங்க, நாம கை வைக்கக் கூடாது” என்று அப்படியே விட்டுவிட்டார். நாலாம் நாள் ராத்திரி வலி தெறித்தது. மெடிக்கலில் கேட்டு இரண்டு வலி மாத்திரை வாங்கிப் போட்டதும் அடங்கிவிட்டது. காய்ச்சலும் லேசாக இருந்திருக்கும், மாத்திரையில் அதுவும் தெரியாமல் போயிருக்கும். ஐந்தாம் நாளும் மாத்திரையில் ஓடியது. ஆறாம் நாள் காலை, கட்டிலிருந்து வாடை வருகிறது என்று மனைவி சொன்ன பிறகுதான் கிளம்பியிருக்கிறார்கள்.

கட்டைப் பிரித்தோம். புண்ணைச் சுற்றியிருந்த தோல் வெளுத்துச் சுருங்கி ஊறிக் கிடந்தது. கணுக்கால்வரை வீக்கம். தோல் இழுத்துக் கட்டியதுபோல் பளபளத்தது. நடுவில் இருந்த மூன்று தையலை டாக்டர் பிரித்ததும் கெட்டியான சீழ் வெளியே வந்தது. சர்க்கரையைப் பார்த்தால் 340. வார்டில் சேர்த்து, இன்சுலினும் நரம்பு வழியாக மருந்தும் போட்டு, தினமும் கழுவிக் கட்டினோம். பிரித்த இடத்தைத் திரும்பத் தைக்க முடியாது, அடியிலிருந்து சதை வளர்ந்து தானாக மூடட்டும் என்று விட்டார்கள். பன்னிரண்டு நாளில் முடிந்திருக்க வேண்டிய சமாச்சாரம் ஒன்றரை மாதம் இழுத்தது.

இதில் அவர் பெரிதாகத் தப்பு எதுவும் செய்யவில்லை. சீட்டில் எழுதாத மூன்று விஷயம் அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதலாவது, நனைந்த கட்டு. தைத்த புண்ணின் இரண்டு விளிம்பும் ஒட்டி, மேல்தோலின் மெல்லிய படலம் மூடிக்கொள்ள ஏறக்குறைய 48 மணி நேரம் ஆகும். அதுவரை கட்டைத் தொடாமல், நனையாமல் வைத்திருங்கள். ஆனால் எப்படியோ நனைந்துவிட்டால், அல்லது ரத்தமோ நீரோ ஊறி வெளிப்பக்கம் வரை வந்துவிட்டால், அந்த 48 மணி நேரக் கணக்கைப் பார்க்காதீர்கள், உடனே மாற்றுங்கள். ஈரக் கட்டுக்குள் தோல் ஊறிப்போய்விடும், ஊறிய தோலில் கிருமி எளிதாக நுழையும். மேலே காய்ந்துவிட்டதே என்று ஏமாறவும் கூடாது. வெளியே இருக்கும் பேண்டேஜ் காய்ந்திருக்கும், உள்ளே இருக்கும் காஸ் துணி காயாது.

மாற்றுவது பெரிய வித்தையில்லை. பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் அங்கே போய் மாற்றிக்கொள்வது நல்லது. முடியாவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். முதலில் சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். பழைய காஸ் புண்ணோடு ஒட்டியிருந்தால் பிடித்து இழுக்க வேண்டாம். சலைன் தண்ணீரையோ, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரையோ அதன்மேல் ஊற்றி ஐந்து நிமிஷம் பொறுத்தால் தானாக விட்டுவரும். வெடுக்கென்று இழுத்தால் அப்போதுதான் மூடிய படலமும் சேர்ந்து உரிந்து வரும். அதே தண்ணீரில் நனைத்த புதுக் காஸ் துண்டால் தையலிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே ஒரு முறை துடைத்துவிட்டு, அந்தத் துண்டைப் போட்டுவிடுங்கள். அடுத்த முறைக்கு வேறு துண்டு. பஞ்சு வேண்டாம், அதன் நார் தையல் முடிச்சில் சிக்கிக்கொள்ளும். இன்னொரு காய்ந்த காஸால் ஒற்றி எடுத்து, ஈரம் போன பிறகு புதுக் காஸ் வைத்து மைக்ரோபோர் டேப் ஒட்டுங்கள். டேப்பைக் காலைச் சுற்றி வளையமாக ஒட்டாதீர்கள். கால் வீங்கினால் அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சீட்டில் மருந்து எழுதியிருந்தால் அதை மெல்லிசாகத் தடவுங்கள். எழுதாவிட்டால் எதுவும் தடவ வேண்டாம்.

இந்த இடத்தில்தான் வீட்டுக்கு வீடு ஒரு டாக்டர் கிளம்புவார். ஒருத்தர் மஞ்சள் தூள், இன்னொருத்தர் காபித் தூள், கொஞ்சம் விவரமானவர் மெடிக்கலில் பவுடர் டப்பா. தையல் போட்ட புண்ணிலிருந்து முதல் இரண்டு மூன்று நாள் லேசான மஞ்சளோ இளஞ்சிவப்போ கலந்த தெளிந்த நீர் கசியும். அது வெளியே வர வேண்டிய நீர். எந்தத் தூளைக் கொட்டினாலும் அந்த நீரோடு சேர்ந்து அடையாக இறுகி வாயை அடைத்துவிடும். நீர் உள்ளேயே தேங்கும், தேங்கினால் சீழ்தான். மேலே காய்ந்த அடையைப் பார்த்து, ஆறிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள். ஸ்பிரிட்டும், நுரை பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும்கூட வேண்டாம். கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் தோலையும் அவை கொல்லும்.

இரண்டாவது, குளியல். இதில் ஊருக்கு இரண்டு கட்சி. தையல் பிரிக்கிற வரை சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று பன்னிரண்டு நாள் குளிக்காமல், வியர்வையும் அழுக்குமாக வருகிறவர்கள் ஒரு பக்கம். மறுநாளே வழக்கம்போல மோட்டார் பம்ப்செட்டில் இறங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டும் தப்பு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தோலில் சின்ன அறுவைச் சிகிச்சை செய்து தையல் போட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை 48 மணி நேரம் நனைக்காமலும், இன்னொரு பகுதியை வழக்கம்போலக் குளிக்கவும் விட்டுப் பார்த்தார்கள். 2006ல் அதன் முடிவு வந்தது. சீழ் பிடிப்பதில் இரண்டு பகுதிக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் அவை டாக்டரே சுத்தமாக வெட்டித் தைத்த புண்கள். ரோட்டு மண்ணிலும் துருப்பிடித்த தகரத்திலும் கிழிந்த நம் புண்ணுக்கு அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள வேண்டாம். 48 மணி நேரம் கட்டாயம் பொறுங்கள். அதுவரை புண் இருக்கும் இடத்தை விட்டு மற்ற இடத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டால் போதும்.

அதற்குப் பிறகு, டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, குளிக்கலாம். குளிப்பதற்கு முன் கட்டை எடுத்துவிடுங்கள். எப்படியும் புதுக் கட்டுப் போடப்போகிறீர்கள், கேரி பேக் கட்டும் வேலையும் மிச்சம். குழாய்த் தண்ணீரை மொண்டு மேலிருந்து வழியவிடலாம். தையல்மேல் சோப்பைத் தேய்க்க வேண்டாம், மேலிருந்து வழியும் நுரை பட்டால் பரவாயில்லை. காலில் புண் என்றால் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தக் காலை இன்னொரு ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் தரையில் ஓடும் அழுக்குத் தண்ணீர்தான் புண்ணுக்கு எமன். ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, உடம்பு துடைக்கும் துண்டால் புண்ணைத் தொடாமல் புதுக் காஸால் ஒற்றி எடுங்கள். ஃபேன் காற்றில் பத்து நிமிஷம் உலரவிட்டுக் கட்டுப் போடுங்கள். மாவுக்கட்டு இருந்தாலோ, தையலுக்குப் பதில் பசையோ ஒட்டுப் பட்டையோ போட்டிருந்தாலோ இந்தக் கணக்கு பொருந்தாது, அவரவர் டாக்டரைக் கேளுங்கள்.

வழியும் தண்ணீர் வேறு, ஊறவைக்கும் தண்ணீர் வேறு. கிணறு, குளம், ஆறு, நீச்சல் குளம், கடல் எதிலும் தையல் பிரித்துப் புண் முழுசாக மூடும்வரை இறங்கவே கூடாது. உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்று நம்பி, காலில் தையலோடு ராமேஸ்வரம் கடலில் முங்கி எழுகிறவர்கள் உண்டு. கடல் தண்ணீரில் இருக்கும் சில கிருமிகள், சர்க்கரையும் கல்லீரல் கோளாறும் உள்ளவர்களுக்குக் காலோடு நிற்காமல் உயிருக்கே உலை வைக்கும். தீர்த்தம் எங்கேயும் போகாது, ஒரு மாதம் கழித்துப் போகலாம்.

மூன்றாவதுதான் முக்கியம்: சீழ் பிடிக்க ஆரம்பிப்பதை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாப் புத்தகத்திலும் ‘சிவந்திருக்கும்’ என்று போட்டிருக்கும். நம் மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் சிவப்பு அவ்வளவு தெளிவாகத் தெரியாது. சுற்றியிருக்கும் தோல் வழக்கத்தைவிடக் கருத்தோ, கத்தரிப்பூ நிறம் கலந்தோ, பளபளத்தோ இருக்கும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் கையையும் நம்புங்கள். புறங்கையைப் புண்ணுக்குப் பக்கத்துத் தோலில் வைத்துவிட்டு, அடுத்த காலில் அதே இடத்தில் வையுங்கள். முதல் இரண்டு நாள் லேசான சூடு, தையல் துளையைச் சுற்றி மெல்லிசான சிவப்பு, கொஞ்சம் வீக்கம் எல்லாம் இருக்கும். புண் ஆறுவதற்கு உடம்பு செய்யும் ஏற்பாடு அது. நாளுக்கு நாள் அது சுருங்க வேண்டும். சுருங்காமல் பரவுகிறதா என்பதுதான் கேள்வி.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு பால்பாயிண்ட் பேனா போதும். கட்டு மாற்றும்போது நிறம் மாறியிருக்கும் விளிம்பைச் சுற்றித் தோலில் ஒரு கோடு போடுங்கள். பக்கத்திலேயே தேதி, மணி எழுதுங்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். காலையில் போட்ட கோட்டைச் சாயங்காலம் நிறம் தாண்டிவிட்டதென்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரிவ்யூ தேதி நாளை மறுநாள்தானே என்றும் பார்க்காதீர்கள். சீட்டில் இருக்கும் தேதி நன்றாக ஆறுகிற புண்ணுக்குப் போட்ட தேதி.

கசிவையும் பாருங்கள். தெளிந்த நீர் கலங்கலாகி, கெட்டியாகி, வாடை வந்தால் அது சீழ். விளிம்புகள் விலகி வாய் பிளந்தாலும், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தாலும், கால் புண்ணுக்குத் தொடை இடுக்கிலோ கைப் புண்ணுக்கு அக்குளிலோ நெறி கட்டினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. புண்ணிலிருந்து மேல் நோக்கிக் கோடுபோலச் சிவப்பு ஓடினால் அந்த மணி நேரத்திலேயே கிளம்புங்கள். இன்னொன்று அபூர்வம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும்: தையல் போட்ட ஒன்றிரண்டு நாளுக்குள்ளேயே, பார்த்தால் புண் சாதாரணமாக இருக்க, ஆளால் தாங்க முடியாமல் துடிக்கும் வலி, மளமளவென்று ஏறும் வீக்கம், கருநீலமாகவோ கொப்புளமாகவோ மாறும் தோல். சதையையே அரிக்கும் கிருமி அது. அதற்கு 108ஐக் கூப்பிடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் இந்தக் கட்டுரையின் முதல் பத்தியை முழுசாக நம்பக் கூடாது. பல வருஷச் சர்க்கரையில் பாத நரம்பு மரத்திருக்கும், சீழ் பிடித்தாலும் வலிக்காமல் இருக்கலாம். அவர்களுக்கு எச்சரிக்கை மணி குளுக்கோமீட்டர்தான். அதே சாப்பாடு, அதே மாத்திரை, ஆனால் சர்க்கரை மட்டும் திடீரென்று ஏறுகிறது என்றால் கட்டைப் பிரித்துப் புண்ணைப் பாருங்கள். மளிகைக் கடைக்காரர் அந்த ஆறு நாளில் ஒருநாள் பார்த்திருந்தாலும் விஷயம் வெளியே வந்திருக்கும்.

வலி மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் இரண்டு நாள், டாக்டர் எழுதியதைத் தாராளமாகப் போடுங்கள். அடங்கிய வலி திரும்பி வரும்போது மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடுவதுதான் ஆபத்து. எச்சரிக்கையை அணைத்துவிட்டு இரண்டு நாளைத் தொலைக்கிறீர்கள். “வேற ஸ்ட்ராங்கான ஆன்டிபயாடிக் குடுங்க” என்று கேட்பதும் வீண். தையலுக்குள் சீழ் கட்டிவிட்டால் அது வெளியேற வேண்டும். இரண்டு மூன்று தையலைப் பிரித்து விட்டால்தான் போகும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மாத்திரையும் அந்த வேலையைச் செய்யாது. நாலாம் நாளே வந்தால் ஒரு தையலோடு முடியக்கூடியது, ஆறாம் நாள் வந்தால் வார்டில் கொண்டுபோய் விடுகிறது.

“டி.டி. போட்டாச்சே சிஸ்டர், எப்படி செப்டிக் ஆச்சு?” இதை நான் கேட்காத வாரமே இல்லை. டி.டி. ஊசி போடுவது ரணஜன்னியைத் தடுக்கத்தான். சீழுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பத்தியக் கதையும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. முட்டை ஆகாது, மீன் ஆகாது, பருப்பு சீழ் வைக்கும், கத்தரிக்காய் அரிக்கும் என்று ரசம் சோறாகவே ஓட்டுவார்கள். புண்ணில் புதுச் சதை வளர்வது புரதத்தால். அதை நிறுத்திவிட்டால் எதை வைத்து வளரும்? வழக்கமாக ஒத்துக்கொள்ளும் முட்டை, மீன், பருப்பு, பயறு எதையும் நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டியது பீடி, சிகரெட். அது தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து ஆறுவதைத் தள்ளிப்போடும்.

தையல் பிரிக்கும் நாளைத் தள்ளிப்போடுவதும் ஆகாது. முகத்தில் ஏறக்குறைய ஐந்து நாள், தலையில் ஏழிலிருந்து பத்து, காலில் பத்திலிருந்து பதினாலு. மூட்டுக்கு மேல் என்றால் பதினாலு. அதற்கு மேல் விட்டால் நூல் போன வழியே கிருமி இறங்கும், தழும்பும் ஏணிப்படி மாதிரி நிற்கும். வீட்டில் பிளேடு வைத்துப் பிரிக்கிற சூரர்கள் பாதி நூலை உள்ளேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அதைத் தேடி எடுப்பதற்குள் எங்களுக்கும் வேர்க்கிறது, அவர்களுக்கும் வேர்க்கிறது.

அடுத்த முறை உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ தையல் போட்டால், சீட்டை மடித்துப் பையில் வைப்பதற்கு முன் அங்கேயே நின்று நாலு கேள்வி கேளுங்கள். கட்டை எப்போது மாற்றுவது, எப்போதிலிருந்து குளிப்பது, தையல் எந்தத் தேதியில் பிரிப்பது, ராத்திரியில் வலி ஏறினால் எங்கே வருவது. பதிலைத் தமிழிலேயே சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். “கூட்டமா இருக்கு, அப்புறம் வாங்க” என்று சொன்னால் நகராதீர்கள். எழுதிக் கொடுக்க எங்களுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது.